தீபாவளிக்கு முதல் நாளும் மறுநாளும் எல்லோரும் விடுப்புக் கேட்கிறார்கள்: மனத்தாங்கல் இல்லாமல் அட்டவணை போடுவது எப்படி?

பட்டர்வொர்த் தாதி:
வணக்கம். நான் ஒரு ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் தாதியருக்கு வேலை அட்டவணை போடுகிறேன். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஞாயிறு எங்கள் மையம் மூடியிருக்கும் என்பதால் அன்று சிக்கல் இல்லை. சனியும் திங்களும்தான் சிக்கல். பத்துத் தாதியரில் எழுவர் தமிழர்; எழுவரும் இரண்டு நாள்களையும் கேட்டிருக்கிறார்கள். நாளுக்கு ஆறு பேர் கட்டாயம் தேவை. இதுவரை முதலில் பாரம் கொடுத்தவருக்கே விடுப்பு என்பது வழக்கம். அதனால் ஜனவரியிலேயே சிலர் எழுதிப் பிடித்துவிடுகிறார்கள், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. விடுப்பு கிடைக்காதவர்களில் ஓரிருவர் அன்று காலை எம்.சி. அனுப்பிவிட, வந்தவர்களே அந்தச் சுமையையும் சேர்த்துத் தாங்குகிறார்கள். வேறு வழி உண்டா?

ஈப்போக்காரர்:
பொது விடுமுறை ஓய்வு நாளில் விழுந்தால் அடுத்த வேலை நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை ஆகும் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமே சொல்கிறது. எனவே திங்களன்று மையத்தை மூடிவிட்டு, அன்றைய நோயாளிகளைச் செவ்வாய்க்கு மாற்றிவிடலாமே?

பட்டர்வொர்த் தாதி:
சட்டத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான், ஐயா. ஆனால் வெள்ளிக்கிழமை சுத்திகரிப்பு செய்தவர் செவ்வாய் வரை காத்திருந்தால் உடலில் நீரும் பொட்டாசியமும் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடலாம். தவிர, செவ்வாய்க்கிழமை எங்கள் இயந்திரங்கள் எல்லாம் நிரம்பியிருக்கும்.

பாயான் லெப்பாஸ் தொழிலாளி:
எங்கள் தொழிற்சாலையில் தைப்பூசத்துக்கே எனக்கு விடுப்புத் தரவில்லை. காவடி எடுக்க விரதம் இருந்தவனுக்கு வேலை போட்டார்கள். பினாங்கில் அது பொது விடுமுறை அல்லவா? நான் யாரிடம் புகார் செய்வது?

அட்டவணை அனுபவசாலி:
தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. அதைத் தனி இழையில் கேளுங்கள், தொழிலாளர் இலாகாவின் வழிமுறையை அங்கே எழுதுகிறேன்.

சகோதரிக்கு என் பதில். நான் மருத்துவமனை வார்டில் பல ஆண்டுகள் அட்டவணை போட்டவள். "விடுப்பு வேண்டுமா" என்று கேட்டால் எல்லோரும் இரண்டு நாளையும்தான் எழுதுவார்கள். "இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எது?" என்று கேளுங்கள். முதல் நாள் மாலை முன்னோருக்குப் படையல் போடும் வீட்டுப் பெண்ணுக்குச் சனிதான் உயிர். சுங்கை பட்டாணியில் மாமியார் வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவருக்குத் திங்கள் போதும்.

பிறகு கணக்கைப் பாருங்கள். மற்ற மூன்று தாதியரும் இரண்டு நாளும் வர ஒப்புக்கொண்டால், நாளுக்கு மூன்று தமிழர் வேலைக்கு வந்தால் போதும், நான்கு பேர் வீட்டில் இருக்கலாம். இரண்டு நாளுக்குமாக எட்டு இடங்கள் இருக்கின்றன, கேட்பவர்கள் ஏழு பேர். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் உறுதி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் அடங்கும். சனியை ஐந்து பேர் முதல் விருப்பமாக எழுதினால் போன ஆண்டுப் பதிவைப் பாருங்கள். 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்ததால், உங்களில் சிலர் தீபாவளியன்றே வேலை செய்திருப்பார்கள், அவர்களுக்கு முன்னுரிமை. அப்போதும் சமமாக நின்றால், எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்குங்கள். இந்த விதியைப் பாரம் வாங்குவதற்கு முன்பே சுவரில் ஒட்டிவிட வேண்டும். பெயர்களைப் பார்த்த பிறகு சொல்லும் விதியை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அந்த மூன்று பேர் வந்து நிற்பதையும் அதே தாளில் எழுதுங்கள். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் தமிழர்கள் அதைத் திருப்பிச் செய்கிறார்களா என்பது அப்போது எல்லோருக்கும் தெரியும்.

ஈப்போக்காரர்:
போன ஆண்டு தீபாவளியன்று வேலை செய்தவர்கள் விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் சம்பளம் வாங்கிவிட்டார்களே. இப்போது முன்னுரிமையும் தந்தால் இரட்டைச் சலுகை ஆகாதா? இந்த ஆண்டும் திங்களுக்கு அந்தப் பணம் உண்டு, சனிக்கு இல்லை.

அட்டவணை அனுபவசாலி:
அந்தத் தொகையைச் சட்டம் கட்டாயமாக்குவது மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர்களுக்குத்தான். மூத்த தாதியர் சிலருக்கு அது பொருந்தாது. மேலும் அது உழைப்புக்கான கூலி. வீட்டுப் பூஜையில் இல்லாமல் போனதை அது ஈடுகட்டாது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பணம் வேண்டித் திங்களன்று தாமாக வர விரும்புகிறவர்கள் இருப்பார்கள். அவர்களை முதலில் கேட்டு எழுதிக்கொண்டால் போட்டி குறையும்.

பட்டர்வொர்த் தாதி:
மிக்க நன்றி, அக்கா. நேற்று கேட்டுப் பார்த்தேன்: ஐவர் சனி, இருவர் திங்கள். திங்களன்று வர இருவர் தாமாகவே முன்வந்துள்ளார்கள். ஆனால் ஒரு சிக்கல். எங்கள் மலாய்த் தோழி ஒருவர் தம் தங்கையின் நிச்சயத்துக்காக அதே சனிக்கிழமையைக் கேட்கிறார். எட்டாவது இடத்தை அவருக்குக் கொடுத்தால் எழுவருக்கும் ஒரு நாள் கிடைக்கும், ஆனால் சனிக்கு மூன்று தமிழரை மட்டுமே விட முடியும்.

ஈப்போக்காரர்:
பண்டிகை பண்டிகைக்காரருக்கே. நிச்சய நாளை மாற்றிக்கொள்ளலாம்.

அட்டவணை அனுபவசாலி:
எனக்கு உடன்பாடில்லை. அவர் கடந்த தீபாவளியன்று வேலைக்கு வந்து நின்றாரா என்று பதிவில் பாருங்கள். நின்றிருந்தால் அவரும் அதே வரிசையில் நிற்கத் தகுதியானவர்தான்.

பட்டர்வொர்த் தாதி:
நின்றிருக்கிறார். ஆனால் சனியைக் கேட்ட ஐவரில் நால்வரும் அன்று நின்றவர்களே. நான்கு இடத்துக்கு ஐவர் சமமாகிவிட்டார்கள். சீட்டு போடுவதா, அல்லது அவருக்கு மதியம் வரை மட்டும் வேலை போட்டு மாலை ஷிஃப்ட்டுக்குப் பகுதிநேரத் தாதி ஒருவரை அழைப்பதா என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.