மாமனார் கடிதத்தில் ‘வந்தார்கள்’: ஆங்கிலத்தில் ஒருவரா, பலரா?

பிரபு, பிராம்ப்டன்

வணக்கம். மனைவியை இங்கே கனடாவுக்கு அழைத்துக்கொள்ள ஸ்பான்சர் விண்ணப்பம் போடப்போகிறேன். கல்யாணம் தஞ்சாவூரில் நடந்தது, அவர் இன்னும் அங்கே அப்பா வீட்டில்தான் இருக்கிறார். ஆதாரமாகப் படங்கள், போன் விவரங்களோடு, என் மாமனார் என் அப்பாவுக்கு எழுதிய கடிதங்களையும் வைக்கலாம் என்று யோசனை. மாமனார் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதுவானாலும் கடிதமாகத்தான் எழுதுவார்.

ஊரில் ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வாங்கினேன். படித்துப் பார்த்தால் யார் வந்தார், யார் பேசினார் என்று எனக்கே தெரியவில்லை. திரும்பிய பக்கமெல்லாம் ‘தே’, ‘தே’ என்றே இருக்கிறது. சிக்கலான வரிகள் இவை:

“சென்ற ஞாயிறு மாப்பிள்ளையின் பெரியப்பா அவர்கள் வந்திருந்தார்கள்.”

“மாப்பிள்ளை வாரம் தவறாமல் மகளுடன் பேசுகிறார்கள்.”

“மாப்பிள்ளையின் அத்தை அவர்கள் மகளைத் தங்கள் வீட்டிலேயே வந்து தங்கச் சொன்னார்கள்.”

இதை நானே திருத்தி அனுப்பிவிடலாமா?

கணேசன், ஒட்டாவா

தம்பி, இதில் குழப்பமே இல்லை. ஊரில் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். பெயருக்கோ உறவுமுறைக்கோ பின்னால் ‘அவர்கள்’ வந்தால் அது ஒரே ஆள், மரியாதைக்காகச் சேர்ப்பது. ‘வட்டாட்சியர் அவர்கள்’ என்றால் ஒரு வட்டாட்சியர்தானே? ஆகவே ‘வந்தார்கள்’ என்று இருக்கும் இடத்திலெல்லாம் ‘ஹீ கேம்’ என்று மாற்றிவிடுங்கள், வேலை முடிந்தது.

மீனா, கால்கரி

எனக்கும் இதே பிரச்சினைதான்! மகனின் பள்ளி முதல்வருக்குக் கடிதம் எழுதணும். ‘மதிப்பிற்குரிய அம்மையீர் அவர்களுக்கு’ என்று நாம் எழுதுவதை இங்கே எப்படித் தொடங்குவது? ‘ரெஸ்பெக்டட் மேடம்’ போட்டால் சிரிப்பார்களா?

நந்தினி, ஸ்கார்பரோ

பிரபு, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் திருத்தக் கூடாது. கனடா குடிவரவுத் துறை, விண்ணப்பதாரரோ அவருடைய குடும்பத்தாரோ செய்த மொழிபெயர்ப்பை ஏற்பதில்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் மனைவி தொடங்கி மாமா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் வரை அந்தப் பட்டியல் போகிறது. சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் என்றால் அவருடைய முத்திரை போதும். அப்படி இல்லாதவர் என்றால், இது சரியான மொழிபெயர்ப்பு என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். உங்கள் ஊர்க்காரர் இரண்டாவது வகை என்று நினைக்கிறேன். தவறுகளை அவரிடம் காட்டி அவரையே திருத்தச் சொல்லுங்கள். பத்திரத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், திருத்திய பிரதிக்குப் புதிதாகப் போடட்டும்.

இனி அந்த வரிகள். கணேசன் ஐயா சொன்னதில் பாதி சரி. பெரியப்பா வரியில் வந்தவர் ஒருவர், ‘ஹீ’ சரி. அதே விதியை அத்தை வரியில் போட்டால் அத்தை ஆணாகிவிடுவார். மரியாதைப் பன்மையில் ஆணா பெண்ணா என்பது மறைந்துவிடும், ஆங்கிலம் அதைக் கேட்கும். அதனால் வினையைப் பார்த்து மொழிபெயர்க்க முடியாது. அந்த ஆள் யார் என்று கடிதத்தின் முந்தைய வரிகளில் தேடிப்பிடித்த பிறகுதான் ‘ஹீ’யா ‘ஷீ’யா என்று எழுதணும்.

உங்கள் விண்ணப்பத்துக்கு உயிரான வரி இரண்டாவது வரிதான். உங்கள் மாமனார் தன்னைவிட இளையவரான உங்களையே ‘பேசுகிறார்கள்’ என்று எழுதுகிறார். தஞ்சாவூர்ப் பக்கம் மாப்பிள்ளைக்கு அந்த மரியாதை உண்டு. அதைத் ‘தே’ என்று மாற்றினால், படிக்கும் அதிகாரிக்கு உங்கள் வீட்டார் யாரோ பேசுகிறார்கள் என்றுதான் படும். கணவன் வாராவாரம் மனைவியோடு பேசுகிறான் என்ற ஆதாரமே அந்த ஒரு சொல்லில் போய்விடும். ‘என் மருமகன் பேசுகிறார்’ என்ற பொருளில், ஒருமையில்தான் வரணும்.

மூன்றாவது வரிக்கு ஒரு விவரம் வேண்டும். அந்தக் கடிதத்தில் மாமனார் உங்கள் அப்பாவை ‘நீங்கள்’ என்று எழுதுகிறாரா, ‘தாங்கள்’ என்றா?

மீனா, உங்களுடையது வேறு விஷயம். இருக்கிற கடிதத்தை மொழிபெயர்ப்பதைத்தான் இங்கே பேசுகிறோம், நீங்கள் புதிதாக எழுதப்போகிறீர்கள். ‘டியர்’ போட்டு, ‘Ms.’ சேர்த்துக் குடும்பப்பெயரை எழுதுங்கள், அதிலேயே மரியாதை இருக்கிறது.

பிரபு, பிராம்ப்டன்

அக்கா, எடுத்துப் பார்த்தேன். முதல் கடிதத்தில் முழுக்க ‘நீங்கள்’, ‘உங்கள்’. அத்தை வரி இருக்கும் கடிதத்தில் ‘தாங்கள் அனுப்பிய மடல் கிடைத்தது’ என்று தொடங்குகிறார்.

நந்தினி, ஸ்கார்பரோ

அங்கேதான் சிக்கல். ‘தங்கள் வீடு’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, எதிரில் இருப்பவரை மரியாதையாகச் சொல்வது, அதாவது உங்கள் அப்பாவின் வீடு. இன்னொன்று, அத்தையையே திரும்பச் சுட்டுவது, அதாவது அத்தையின் சொந்த வீடு. முதல் கடிதத்தில் இந்த வரி இருந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். அப்பாவை ‘உங்கள்’ என்றே எழுதுகிறவர் திடீரென ‘தங்கள்’ என்றால் அது அத்தையைத்தான் குறிக்கும். ஆனால் இந்தக் கடிதத்தில் அப்பாவே ‘தாங்கள்’ என்பதால், அத்தை தன் வீட்டுக்குக் கூப்பிட்டாரா, உங்கள் அப்பா வீட்டுக்குப் போகச் சொன்னாரா என்று வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இது சின்ன வித்தியாசமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மனைவி எங்கே தங்கியிருந்தார் என்பதைப் படிவத்தில் எழுதுவீர்கள். கடிதம் வேறு வீட்டைக் காட்டினால் கேள்வி வரும். அதற்கு அடுத்த வரிகளில் ஊர்ப்பெயரோ, யார் வந்து அழைத்துப்போவது என்பதோ இருக்கிறதா பாருங்கள்.

ரஹீம், மிசிசாகா

நந்தினி அக்கா, ஒன்று சேர்க்கிறேன். எழுதுகிறவரின் பழக்கத்தையும் பார்க்கணும். எங்கள் வீட்டில் வாப்பா, உம்மா, மூத்த காக்கா எல்லாருக்குமே ‘வந்தாங்க’தான், ஒரு ஆளுக்கு ‘வந்தார்’ என்று நாங்கள் யாரும் எழுதுவதில்லை. ஆனால் என் நண்பன் வீட்டில் அப்பாவுக்கு ‘வந்தார்’. அவன் கடிதத்தில் ‘மாமா வீட்டிலிருந்து வந்தார்கள்’ என்று இருந்தால் நிச்சயம் பல பேர். என் உம்மா எழுதினால் மாமா மட்டும் வந்திருக்கலாம், குடும்பமே வந்திருக்கலாம். ஒரே வரி, இரண்டு வீட்டில் இரண்டு கணக்கு.

நந்தினி, ஸ்கார்பரோ

மிகச் சரி. நான் கடிதத்தைக் கையில் வாங்கியதும் முதலில் செய்வது இதுதான். ஒருவர்தான் என்று சந்தேகமில்லாமல் தெரியும் ஒரு பெரியவரைத் தேர்ந்தெடுத்து, கடிதம் முழுவதும் அவருக்கு ‘ஆர்’ வருகிறதா ‘ஆர்கள்’ வருகிறதா என்று பென்சிலில் குறிப்பேன். ‘ஆர்’ மட்டுமே என்றால், மற்ற இடத்து ‘ஆர்கள்’ எல்லாம் உண்மைப் பன்மை. ‘ஆர்கள்’ என்றால் ஒவ்வோர் இடத்திலும் ‘இருவரும்’, ‘எல்லாரும்’, ‘குடும்பத்தோடு’ மாதிரித் துணை தேடணும். ‘சம்பந்தி வந்திருந்தார்கள்’ என்பதுதான் எனக்கு எப்போதும் கடினம். ஆணா, பெண்ணா, இருவருமா, எதையும் அது சொல்லாது.

சிவா, மார்க்கம்

எங்கட யாழ்ப்பாணப் பக்கக் கடிதங்களில இந்தக் கரைச்சல் குறைவு. ‘மாமா வந்தவர்’ எண்டால் ஒராள், ‘மாமா ஆக்கள் வந்தவை’ எண்டால் குடும்பம். ஆனால் வேற கரைச்சல் ஒண்டு இருக்கு. எங்கட அம்மான்ர கடிதத்தை இந்தியாவில ஒருவர் மொழிபெயர்த்தவர். ‘அவை வந்தவை’ எண்டதுக்கு ஏதோ சாமான்கள் வந்து சேர்ந்தது மாதிரி எழுதிவிட்டார். எழுத்துத் தமிழில ‘அவை’ அஃறிணை எண்டு அவர் நினைச்சிருக்கலாம். ஆனபடியால் எந்த ஊர்க் கடிதமோ, அந்த ஊர்ப் பேச்சுத் தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்கோ.

கணேசன், ஒட்டாவா

அத்தை விஷயம் ஒப்புக்கொள்கிறேன். மனுக்களில் நான் சொன்னது நிற்கும். ‘மாவட்ட ஆட்சியர் அவர்கள் சமூகத்திற்கு’ என்பதை ‘கலெக்டர்ஸ் சொசைட்டி’ என்று எழுதிய மொழிபெயர்ப்பையே பார்த்திருக்கிறேன். அது ‘தி டிஸ்ட்ரிக்ட் கலெக்டர்’, அவ்வளவுதான். ஆனால் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்பதை ‘ரெஸ்பெக்டட் சார்’ என்றே விட வேண்டும். மூலத்தில் உள்ள மரியாதையைக் குறைக்க நமக்கு உரிமை இல்லை.

நந்தினி, ஸ்கார்பரோ

ஐயா, ‘சமூகம்’ பற்றி நீங்கள் சொன்னது சரி. பழைய மனு வழக்கில் அது திருமுன் என்று பொருள்படும், ஆங்கிலத்தில் பதவிப் பெயரே போதும். ‘ரெஸ்பெக்டட் சார்’ விஷயத்தில் நான் ‘டியர் சார்’ பக்கம். அந்தச் சொற்றொடர் இந்தியாவில் இயல்பானது, இங்கே படிப்பவருக்கு எழுதியவர் கெஞ்சுவது போலப் படும். தமிழில் அந்த வரி கெஞ்சவில்லை, வழக்கமான தொடக்கம்தான். உங்களைப் போலவே வாதாடும் நல்ல மொழிபெயர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். எதை வைத்தாலும் எல்லாக் கடிதத்திலும் ஒன்றையே வையுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ரஹீம், மிசிசாகா

அதிகாரி ஆணா பெண்ணா தெரியாவிட்டால்? ‘தலைமையாசிரியர் அவர்கள் சொன்னார்கள்’ மாதிரி. இப்போது ஆங்கிலத்தில் ஒருவருக்கே ‘தே’ போடுகிறார்களே, அதைப் போட்டால் என்ன?

நந்தினி, ஸ்கார்பரோ

இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் எத்தனை பேர் என்பதே கேள்வியாக இருக்கும் கடிதத்தில் அது பழைய குழப்பத்தையே திரும்பக் கொண்டுவரும். நான் பதவிப் பெயரையே மறுபடி எழுதுவேன். ‘தலைமையாசிரியர் வந்தார். தலைமையாசிரியர் சொன்னார்.’ படிக்கக் கொஞ்சம் முரடாக இருக்கும், பொருள் தவறாது.

பிரபு, பிராம்ப்டன்

அக்கா, அத்தை வரிக்கு அடுத்த வரி கிடைத்தது. “கும்பகோணத்திலிருந்து வண்டி அனுப்புவதாகவும் சொன்னார்கள்.” அத்தை இருப்பது கும்பகோணம். எங்கள் அப்பா வீடு திருச்சியில்.

பெரியப்பா வரியை வைத்து மாமனாரின் பழக்கத்தையும் பார்த்தேன். ஒருவர்தான் வந்தார் என்று எனக்கே தெரியும், அவருக்கு எல்லா இடத்திலும் ‘ஆர்கள்’தான். மூன்றாவது கடிதத்தில் ‘சம்பந்தி வீட்டிலிருந்து வந்து தாலி பிரித்துக் கோத்தார்கள்’ என்று இருக்கிறது. யார் யார் போனார்கள் என்று அம்மாவிடம் கேட்டு, பெயர்களைச் சேர்த்துவிடச் சொல்லலாமா?

நந்தினி, ஸ்கார்பரோ

கும்பகோணம் என்றால் அத்தையின் சொந்த வீட்டைச் சொல்வதாகத்தான் தெரிகிறது. அந்த வரியை ‘ஹெர் ஹவுஸ்’ என்று எழுதச் சொல்லலாம். வண்டி அங்கிருந்து திருச்சிக்குப் போயிருக்கவும் வழி உண்டு என்பதால், மொழிபெயர்ப்பாளர் சதுர அடைப்புக்குறிக்குள் ‘மூலத்தில் “தங்கள்”, “உங்கள்” என்றும் பொருள்படலாம்’ என்று ஒரு குறிப்புப் போடட்டும்.

தாலி வரியில் பெயர் சேர்க்கவே கூடாது. அம்மா சொல்வது உண்மையாகவே இருக்கும், ஆனால் அது கடிதத்தில் இல்லை. மூலத்தில் இல்லாததை எழுதிவிட்டு, சரியான மொழிபெயர்ப்பு என்று அவர் எப்படி உறுதிமொழி கொடுப்பார்? அங்கே ‘மாப்பிள்ளை வீட்டார்’ என்ற பொருளில் பொதுவாக விடணும். யார் யார் போனார்கள் என்பதை நீங்கள் விண்ணப்பத்தோடு வைக்கும் விளக்கக் கடிதத்தில் உங்கள் பெயரில் எழுதுங்கள்.

கணேசன், ஒட்டாவா

தம்பி, மூலக் கடிதத்தின் நகலையும் கூடவே வைக்க மறக்காதீர்கள். மீனா அம்மா, முதல்வருக்கு ‘ரெஸ்பெக்டட் மேடம்’ போட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள், தைரியமாகப் போடுங்கள்.

மீனா, கால்கரி

நன்றி ஐயா, ஆனால் நந்தினி சொன்னபடி ‘டியர்’ போட்டு அனுப்பிவிட்டேன். இப்போது இன்னொரு சந்தேகம்: முதல்வர் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ இருக்கிறது, அப்போதும் ‘Ms.’ போடணுமா?

நந்தினி, ஸ்கார்பரோ

இல்லை மீனா, ‘டாக்டர்’ இருந்தால் அது மட்டும் போதும்.