5 நாள் கணக்கேட்டுப் பயிற்சி: மூன்றாம் நாளோடு தொடர்பு அறுகிறது, ஒழுங்கை எப்படி மாற்றலாம்?

உப்புவெளி ஒழுங்கமைப்பாளர்

திருகோணமலை நகரில் கிராமியச் சங்கப் பொருளாளர்களுக்கு 5 நாள் பயிற்சி நடத்துகிறோம். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 மணியிலிருந்து பி.ப. 3.30 வரை. 22 பேர் வருகிறார்கள். மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கத்தவர்களும் இருக்கிறார்கள். இப்போதைய ஒழுங்கு இது: திங்கள் கணக்கீட்டுக் கொள்கைகளும் வரவு, செலவு விதிகளும். செவ்வாய் காசேடு, புதன் பேரேடு, வியாழன் பரீட்சை மீதியும் வங்கி இணக்கமும், வெள்ளி இறுதிக் கணக்கு.

ஒவ்வொரு காலையும் வளவாளர் முதல்நாள் பாடத்தை ஒரு மணித்தியாலம் மீட்டுச் சொல்கிறார். விளங்கினதா என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்கிறார்கள். ஆனால் புதன் பேரேட்டைத் தொடங்கினால் பாதிப்பேருடைய காசேட்டு மீதியே பிழை. அடுத்த தொகுதி தொடங்க இரண்டு கிழமை இருக்கிறது. மீட்டலை நீட்டுவதா, நாட்களை மாற்றுவதா?

மூதூர் வளவாளர்

வளவாளரே மீட்டல் செய்வதுதான் பிழை. ஐந்து குழுவாகப் பிரித்து, நாளுக்கு ஒரு குழு முதல்நாள் பாடத்தை முன்னால் வந்து சொல்லட்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். வாயால் சொல்ல வரும்போது எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று தெரிந்துவிடும். ஒன்றரை மணித்தியாலம் கொடுத்தால் போதும்.

தம்பலகாமம் பயிற்றுநர்

பங்குபற்றுநர் வாயிலிருந்து வரவேண்டும் என்று மூதூர் நண்பர் சொல்வது சரி. ஆனால் குழு முன்வைப்பில் நாலு பேர்தான் நினைவைத் தோண்டுகிறார்கள், மற்ற 18 பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பேசப் பழகியவரே எழுந்து பேசுவார். பிழை விட்டவர் யார் என்பது அன்றைக்கும் தெரியவராது.

உங்கள் சிக்கல் மீட்டலில் தொடங்கவில்லை, திங்களில் தொடங்குகிறது. வரவு, செலவு விதிகளைத் திங்கள் படிக்கிறார்கள், அதைக் கையால் பாவிப்பது புதன்கிழமைதான். இடையில் ஒரு முழுநாள் சும்மா கிடந்த பாடம் மறக்கத்தான் செய்யும். வெள்ளி மாலை ஒருவர் தனியே என்ன செய்துகாட்ட வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். சிறு சங்கத்துக்கு அது ஒரு மாதக் கணக்கை எழுதி, வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டு, கூட்டத்தில் வாசிப்பது. அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

ஒரே சங்கத்தின் ஒரே மாதத்தை வியாழன் வரை கொண்டுபோகலாம். தொடக்க மீதி கையில் 4,200 ரூபா, வங்கியில் 38,500. அந்த மாதம் காசாக வந்தவை சந்தா 4,400, கடன் மீளளிப்பு 15,000, கதிரை வாடகை 6,000. காகிதாதி 640 காசாகவும், மின்கட்டணம் 1,850 காசோலையாகவும் போகிறது. 20,000 ரூபா வங்கியில் இடப்படுகிறது.

திங்கள் இவற்றுக்குப் பற்றுச்சீட்டும் வவுச்சரும் மட்டும் எழுதட்டும். செவ்வாய் அதே சீட்டுகளைப் பார்த்துக் காசு, வங்கி என்ற இரண்டு நிரல்களில் காசேடு. மீதி 8,960, 56,650 என்று வரவேண்டும். புதன் பேரேட்டுக்குப் பதிலாக அந்தக் காசேட்டை வகை நிரல்களில் பிரித்தல். வியாழன் வங்கிக் கூற்றைக் கையில் கொடுங்கள்: அதில் 58,380 இருக்கட்டும். காசோலை இன்னும் வங்கிக்குப் போகவில்லை, வங்கி 120 ரூபா கட்டணம் பிடித்திருக்கிறது. இரண்டு பக்கமும் திருத்தினால் 56,530 இல் சந்திக்கும். இப்படி வைத்தால் நேற்றைய தாள் இல்லாமல் இன்றைய வேலையைத் தொடங்கவே முடியாது.

பலர் வழுக்குவது அந்த 20,000 இல்தான். அதைச் செலவாகப் போட்டுவிடுவார்கள். உண்மையான செலவு 2,490. அவர்கள் தாளில் 22,490 நிற்கும். கையிருப்பில் கழித்துவிட்டு வங்கியில் சேர்க்க மறந்தால் வங்கி மீதி 36,650 என்று வரும். இந்த இரண்டு எண்ணையும் வளவாளர் மனதில் வைத்திருந்தால் தாளைப் பார்த்தவுடனே பிழை எங்கே என்று சொல்லலாம்.

குச்சவெளி உறுப்பினர்

எங்கட படகு இயந்திரம் திருத்தும் பயிற்சியிலும் இதே பிரச்சினைதான். ஆனால் அது சனிக்கிழமைகளில் மட்டும், இடையில் ஒரு கிழமை. அதற்கும் இதே மாதிரிச் செய்யலாமா?

தம்பலகாமம் பயிற்றுநர்

தம்பி, ஒரு கிழமை இடைவெளி என்றால் மீட்டலுக்கு முக்கால் மணித்தியாலமாவது வேண்டும், அதுவும் இயந்திரத்தைத் தொட்டே செய்யவேண்டும். போனமுறை கழற்றிப் பூட்டிய காபரேட்டரை, குறிப்புப் பார்க்காமல் ஒவ்வொருவரும் திரும்பக் கழற்றட்டும். வாயால் கேட்டுப் பயனில்லை.

உப்புவெளி ஒழுங்கமைப்பாளர்

ஒழுங்கு விளங்குகிறது, நன்றி. இரண்டு சந்தேகம். செவ்வாய்க் காசேட்டைப் பிழையாக எழுதியவர் புதன் பிழையான மீதியோடுதானே தொடங்குவார்? மற்றது, மூதூர், கிண்ணியா ஆட்கள் 9.20 அளவில்தான் வந்து சேருவார்கள். மீட்டலைத் தேநீருக்குப் பிறகு வைக்கலாமா?

தம்பலகாமம் பயிற்றுநர்

மீட்டலைத் தள்ள வேண்டாம். 9 மணிக்கே ஒவ்வொரு கதிரையிலும் ஒரு தாள் இருக்கட்டும், அதில் மூன்று கேள்வி: ஒன்று நேற்றையது, ஒன்று அதற்கு முந்திய நாளையது, மூன்றாவது இன்றைய வேலைக்கு வழி திறப்பது. வந்தவர் கொப்பியைத் திறக்காமல் தனியே எழுதத் தொடங்கலாம், யாரையும் காத்திருக்கத் தேவையில்லை. 9.25க்குப் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும், 9.30க்கு வளவாளர் பேசலாம். பத்து மணிக்கு முன் முடிந்துவிடும். புதன் காலைக்கு இப்படி ஒரு கேள்வி: "20,000 ரூபாவை வங்கியில் போட்ட பிறகு சங்கத்தின் மொத்தப் பணம் கூடியதா, குறைந்ததா, அப்படியே இருக்கிறதா? காசேட்டில் எந்த இரண்டு இடத்தில் எழுதுவீர்கள்?"

இந்தக் கேள்விகளை முன்கூட்டியே அச்சடித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு மாலையும் 3.15க்கு அன்றைய தாளை வாங்கி, அன்றிரவு பிழைகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேள்வி எழுதவேண்டும். ஒரே பிழையை ஏழெட்டுப் பேருக்கு மேல் விட்டிருந்தால் அது அவர்களுடைய கவலையீனம் இல்லை, பாடம் போய்ச்சேரவில்லை. வேறு எண்களோடு இன்னொருமுறை செய்யவேண்டும். அதற்காகப் பிற்பகலில் முக்கால் மணித்தியாலம் வெறுமையாக விட்டுவையுங்கள். இரண்டு மூன்று பேர் மட்டும் என்றால் அவர்களோடு தேநீர் வேளையில் இருந்து பார்த்தால் போதும்.

பிழையான மீதிக்கு வழி இது. மீட்டல் முடிந்தவுடன் எல்லாருக்கும் முதல்நாள் வேலையின் சரியான பிரதி ஒன்றைக் கொடுங்கள். தங்கள் தாளில் வித்தியாசமான இடத்தைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு கோவையில் வைக்கட்டும், அன்றைய வேலையைச் சரியான பிரதியில் தொடங்கட்டும். ஒரு நாள் வராதவருக்கும் அதே பிரதி உதவும். மீட்டலுக்கு முன் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பார்த்து எழுதிவிடுவார்கள்.

வெள்ளிக்குப் புதிய பாடம் வேண்டாம். ஜும்ஆ இடைவேளையோடு நாள் இரண்டாகப் பிரியும். காலையில் வேறொரு மாதத்தின் சீட்டுகளைக் கொடுத்து, உதவியில்லாமல் முழுவதையும் எழுத விடுங்கள். பிற்பகல் கூட்டத்தில் வாசிப்பதுபோல் வாசிக்கட்டும்.

கிண்ணியா கணக்காளர்

பேரேட்டையும் பரீட்சை மீதியையும் முற்றாக எடுத்துவிட்டீர்களே. கணக்காய்வுக்கு வரும் உத்தியோகத்தர் பேரேடு கேட்டால் பொருளாளர் என்ன காட்டுவார்?

தம்பலகாமம் பயிற்றுநர்

கடை, அரிசி ஆலை என்று தொழில் நடத்தும் சங்கமானால் பேரேடு கட்டாயம் வேண்டும், நீங்கள் சொல்வது சரி. சந்தாவும் சிறு கடனும் மட்டும் உள்ள சங்கத்துக்கு வகை நிரல் போட்ட காசேட்டிலேயே மாதக் கூட்டுத்தொகை தெரியும். ஐந்து நாளுக்குள் இரண்டையும் ஊன்ற முடியும் என்று நான் நினைக்கவில்லை.

கிண்ணியா கணக்காளர்

எனக்கு அதில் உடன்பாடில்லை. புதன் பிற்பகல் ஒரு பேரேட்டுப் பக்கமாவது போட்டுக் காட்டலாம்.

உப்புவெளி ஒழுங்கமைப்பாளர்

22 பேரில் எத்தனை சங்கம் தொழில் நடத்துகிறது என்று அழைப்புக் கடிதத்தோடு கேட்டுவிடுகிறேன். அவர்களுக்கு மட்டும் ஆறாவது நாள் ஒன்று வைக்கலாமா என்று பிறகு பார்க்கலாம். திங்களுக்கான சீட்டுகளையும் நான்கு நாள் பிரதிகளையும் இந்தக் கிழமையே எழுதத் தொடங்குகிறோம்.