LLZO வில்லையில் மின்னழுத்தம் திடீரென இறங்கி நிலைத்துவிட்டது: டென்ட்ரைட் தடுக்கப்பட்டதாகக் கொள்ளலாமா?

மாலைவெயில் (திங்கள், காலை 9.12)

வணக்கம். Li6.4La3Zr1.4Ta0.6O12 என்ற LLZO வகைப் பீங்கான் வில்லையின் இருபுறமும் லித்தியத் தகடு ஒட்டி, மணிக்கு ஒருமுறை மின்னோட்டத்தின் திசையை மாற்றி ஓட்டி வருகிறேன். மின்னோட்டத்தைப் படிப்படியாக உயர்த்தினேன். 0.3 மில்லிஆம்பியரை அடைந்த முதல் சுற்றிலேயே மின்னழுத்தம் சட்டென்று 8 மில்லிவோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. அதன்பின் 150 மணி நேரமாக ஆடாமல் அசையாமல் அதே அளவில் ஓடுகிறது. லித்தியமும் வில்லையும் நன்றாக ஒட்டிக்கொண்டதால் தடை குறைந்தது என்றும், இந்தத் திண்ம மின்பகுளி, ஊடே வளரும் லித்திய இழையான டென்ட்ரைட்டைத் தடுத்துவிட்டது என்றும் எழுதலாமா? வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் இந்த வரைபடத்தைக் காட்ட வேண்டும். விரைவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நுண்விரிசல் (காலை 9.40)

முடிவு சொல்வதற்கு முன் சில விவரங்கள் தேவை. வில்லையின் தடிமன் என்ன? லித்தியத் தகட்டின் விட்டம் என்ன? 0.3 மில்லிஆம்பியர் என்பது மொத்த மின்னோட்டமா, சதுர சென்டிமீட்டருக்கான அளவா? இறங்குவதற்கு முன் மின்னழுத்தம் எவ்வளவு இருந்தது? வில்லையைத் தேய்த்த பின் எங்கே வைத்திருந்தீர்கள்?

பழைய_மின்வேதியர் (காலை 10.05)

தம்பி, இது அடிப்படைக் கேள்வி. இதே பகுதியில் குறைந்தது பத்து முறையாவது விளக்கியிருக்கிறேன். தேடிப் படித்துவிட்டுக் கேட்பதே முறை. மன்றோ, நியூமன் என்ற ஆய்வாளர்கள் 2005-லேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள்: பிரிப்பானின் விறைப்பைக் காட்டும் சறுக்குக் குணகம் லித்தியத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இருந்தால் டென்ட்ரைட் முன்னேற முடியாது. LLZO-வின் குணகம் பத்து மடங்குக்கும் மேல். ஆகவே உங்கள் வில்லையின் அடர்த்தி சரியாக இருந்தால் உங்கள் முடிவும் சரி. அடர்த்தி குறைவு என்றால் வில்லையைச் சுட்டு இறுக்கும் சின்டரிங் சரியில்லை. அடர்த்தியைக்கூடக் குறிப்பிடாமல் கேட்டால் எவரும் உதவ முடியாது.

செல்_பணிமனை (காலை 11.20)

நான் மின்சார ஸ்கூட்டர் பேட்டரிகளைப் பழுது பார்ப்பவன். டென்ட்ரைட் எனக்குப் பழக்கமான தொல்லை. பழைய நிக்கல்-காட்மியம் செல் ஷார்ட் ஆனால், பெரிய கன்டென்சர் ஒன்றைச் சார்ஜ் செய்து செல்லின் இரு முனைகளில் ஒரே ஒரு நொடி தொடுவோம். உள்ளே வளர்ந்த இழை எரிந்து அறுந்துபோகும், செல் சில மாதங்கள் உழைக்கும். உங்கள் வில்லையிலும் இழை இருந்தால் அதே வழியில் எரித்துப் பார்க்கலாமே?

நுண்விரிசல் (காலை 11.48)

பணிமனை நண்பரே, நிக்கல்-காட்மியத்தில் உள்ளே இருப்பது நீர்க்கரைசல். அங்கே அது செல்லுபடியானது. லித்திய அயனி செல்லில் இருப்பது எரியக்கூடிய கரிமக் கரைப்பான். அதில் இதைச் செய்தால் செல் தீப்பிடிக்கும். தயவுசெய்து முயல வேண்டாம். LLZO-வில் எரியும் திரவம் இல்லைதான். ஆனால் இழை இருந்த விரிசல் அப்படியே திறந்திருக்கும் என்பதால், அடுத்த சுற்றில் லித்தியம் அதே வழியில் மீண்டும் புகும்.

செல்_பணிமனை (பகல் 12.02)

லித்திய செல்லில் நான் செய்வதில்லை. கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். குளிர்காலத்தில் மலைப்பகுதியிலிருந்து வரும் சில பேட்டரிகளைப் பிரித்தால் கிராஃபைட் தகட்டின் மேல் சாம்பல் நிறப் படிவு தெரிகிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

நுண்விரிசல் (பகல் 12.15)

உறவு உண்டு. மிகுந்த குளிரில் வேகமாகச் சார்ஜ் செய்தால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய நேரமில்லாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். இங்கோ எதிர்முனையே லித்திய உலோகம்; ஒவ்வொரு சுற்றிலும் அது உரிந்து மறுபடி படிந்தாக வேண்டும். 1989-இல் மோலி எனர்ஜி நிறுவனத்தின் லித்திய உலோக செல்கள் தீப்பிடித்துத் திரும்பப் பெறப்பட்டது இந்தச் சிக்கலால்தான். பிறகு உலகமே கரி எதிர்முனைக்கு நகர்ந்தது.

மாலைவெயில் (பிற்பகல் 2.30)

தாமதத்துக்கு மன்னிக்கவும். (நான் தம்பி அல்ல, தங்கை.) வில்லையின் தடிமன் 1.2 மில்லிமீட்டர், ஒப்பு அடர்த்தி 95 விழுக்காடு. தகட்டின் விட்டம் 8 மில்லிமீட்டர். 0.3 என்பது மொத்த மின்னோட்டம். அயனிக் கடத்துத்திறனை முன்பே அளந்திருக்கிறேன்: 4e-4 S/cm. 0.1 மில்லிஆம்பியரில் 120 மில்லிவோல்ட், 0.2-இல் 240 இருந்தன. 0.3-இல் 360-இல் தொடங்கி, அந்த ஒரு மணி நேரத்துக்குள் 480 வரை ஏறி, அதன்பின் விழுந்தது. வில்லையைத் தேய்த்தபின் இரண்டு வாரம் டெசிகேட்டரில் வைத்திருந்தேன். செல்லைக் கையால்தான் முறுக்கினேன். அழுத்தம் எவ்வளவு என்று தெரியாது.

நுண்விரிசல் (பிற்பகல் 3.25)

நன்றி. இப்போது விடை உங்கள் எண்களிலேயே இருக்கிறது. தகட்டின் பரப்பு ஏறத்தாழ 0.5 சதுர சென்டிமீட்டர்.

```
R(வில்லை) = 0.12 cm / (4e-4 S/cm × 0.5 cm²) = 600 Ω
0.3 mA × 600 Ω = 180 mV
8 mV / 0.3 mA ≈ 27 Ω
```

லித்தியம் எவ்வளவு அருமையாக ஒட்டியிருந்தாலும், இடைமுகத் தடை முற்றிலும் பூஜ்யமாகவே ஆனாலும், வில்லையின் சொந்தத் தடையான 600 ஓம் எங்கும் போகாது. 180 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போவதற்கு அயனிகளுக்கு வழியே இல்லை. நீங்கள் காண்பது 27 ஓம். ஆகவே 150 மணி நேரமாக ஓடியது லித்திய அயனி அல்ல. வில்லையைக் குறுக்கே கடந்துவிட்ட லித்திய இழை வழியாக எலக்ட்ரான்தான் ஓடுகிறது. அந்த நேர்கோட்டை வெற்றி என்று காட்டிவிடாதீர்கள்.

என் சொல்லை அப்படியே ஏற்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள். செல்லை 60 டிகிரிக்குச் சூடாக்கி அதே மின்னோட்டத்தைச் செலுத்துங்கள். அயனிக் கடத்தலாக இருந்தால் வெப்பத்தில் தடை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். உலோக இழையாக இருந்தால் தடை சற்றே கூடும். பிறகு பிரித்து, வில்லையை உடைத்து, வெட்டுமுகத்தை லென்ஸில் பாருங்கள்.

பழைய_மின்வேதியர் (மாலை 4.10)

ஷார்ட் என்பதை ஏற்கிறேன். 27 ஓம் கணக்கில் தவறில்லை. ஆனால் 95 விழுக்காடு அடர்த்தியில் இது நடந்தது என்றால், மீதி ஐந்து விழுக்காட்டுத் துளைகள் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்க வேண்டும். கடினமான பீங்கானை மெழுகு போன்ற லித்தியம் துளைத்தது என்று சொல்வது இயற்பியலுக்கே ஒவ்வாது.

நுண்விரிசல் (மாலை 5.02)

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். இந்த இடத்தில் மட்டும் உடன்பட இயலவில்லை. 95 விழுக்காட்டில் துளைகள் பெரும்பாலும் தனித்தனியாக மூடியே இருக்கும். மன்றோ, நியூமன் கணக்கு எடுத்துக்கொண்டது குறையற்ற, தொடர்ச்சியான பரப்பை. நம் வில்லையோ தேய்க்கப்பட்டது. அதன் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உண்டு. கீறலுக்குள் லித்தியம் படியத் தொடங்கினால் வெளியேற இடமில்லாமல் சுவர்களை நெம்பும். ஒரு மில்லிவோல்ட் மிகை மின்னழுத்தம் கொள்கையளவில் ஏறத்தாழ 7 மெகாபாஸ்கல் அழுத்தத்துக்கு ஈடு. சில பத்து மில்லிவோல்ட் அங்கே குவிந்தாலே நூற்றுக்கணக்கான மெகாபாஸ்கல் ஆகிவிடும். உண்மையில் ஒரு பகுதி லித்தியம் பிதுங்கி வெளியேறித் தணியும் என்றாலும், நொறுங்கும் பீங்கானுக்கு மிச்சமிருப்பதே போதும். கோபுரத்து இடுக்கில் முளைத்த அரசங்கன்றின் வேர் கருங்கல்லை விடக் கடினமானதா? இடுக்கு கிடைத்தது, உள்ளே பருத்தது, கல் பிளந்தது. குணகம் பெரிதாக இருப்பது வளைவதைத் தடுக்கும். பிளவு ஓடுவதைத் தடுப்பது வேறொரு பண்பு, அது LLZO-வில் குறைவு.

இருள்_மின்னோட்டம் (மாலை 6.30)

விரிசல் ஒன்றையே காரணமாக்குவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. 2019-இல் மேரிலாந்துக் குழுவினர் LLZO-வின் உள்ளேயே, எதிர்முனையைத் தொடாத இடங்களில் லித்தியம் சேர்வதைக் காட்டினார்கள். வில்லைக்குச் சிறிதளவு எலக்ட்ரான் கடத்தும் தன்மை இருந்தால் அயனி நடுவழியிலேயே எலக்ட்ரானைச் சந்தித்து உலோகமாகிவிடும். மாலைவெயில் எலக்ட்ரான் கடத்துத்திறனை அளந்தாரா? அதை அளக்காமல் எந்த முடிவும் அரைகுறையே.

நுண்விரிசல் (இரவு 7.15)

அளப்பது நல்லது, மறுக்கவில்லை. ஆயினும் இவருடைய செல்லில் அதற்கு முந்தைய தடயம் ஒன்று இருக்கிறது: விழுவதற்கு முன் 360-லிருந்து 480 வரை ஏறியது. மின்னோட்டம் மாறாதபோது தடை ஏன் ஏற வேண்டும்? லித்தியம் உரியும் பக்கத்தில் வெற்றிடங்கள் உண்டாகித் தொடும் பரப்பு சுருங்கியிருக்கிறது என்று கொள்கிறேன். 0.6 மில்லிஆம்பியர்/சதுர செ.மீ. வீதம் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 3 மைக்ரான் லித்தியம் ஒரு பக்கத்திலிருந்து போய்விடுகிறது. பின்னிருக்கும் லித்தியம் நகர்ந்து வந்து அந்த இடத்தை நிரப்ப, போதிய அழுத்தம் வேண்டும்; கையால் முறுக்கியது போதவில்லை. தொடும் இடம் பாதியானால், எஞ்சிய இடத்தில் மின்னோட்ட அடர்த்தி இரட்டிப்பாகும்.

இன்னொரு காரணம் அந்த இரண்டு வாரம். டெசிகேட்டர் ஈரத்தைக் குறைக்குமே தவிர, கரியமில வாயுவைத் தடுக்காது. LLZO-வின் மேல் லித்தியம் கார்பனேட் படலம் உண்டாகிறது. லித்தியம் அதில் ஒட்டாது. ஒரு சிறு துண்டு லித்தியத்தை க்ளவ் பாக்ஸில் உருக்கி அந்த வில்லையின் மேல் விட்டுப் பாருங்கள், தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும். 0.1 மில்லிஆம்பியரில் 120 மில்லிவோல்ட் என்றால் மொத்தத் தடை 1200 ஓம்; அதில் பாதி இடைமுகத்துக்கே போனது இதனால்தான். புது வில்லையை ஆர்கானில் தேய்த்து, அங்கேயே 500 டிகிரியில் சூடாக்கி, வெளியே எடுக்காமல் லித்தியத்தை ஒட்டுங்கள்.

பழைய_மின்வேதியர் (இரவு 8.40)

கார்பனேட் பற்றி நானும் சொல்லவிருந்தேன். 2007-இல் கீல் பல்கலைக்கழகத்திலிருந்து முருகன், தங்கதுரை, வெப்னர் LLZO-வை வெளியிட்டபோது, லித்தியத்தோடு வினைபுரியாது என்பதே அதன் பெருஞ்சிறப்பாகப் பேசப்பட்டது. வினைபுரியாதது வேறு, ஒட்டுவது வேறு என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அடர்த்தி குறித்த என் கருத்தில் மாற்றமில்லை. 98 விழுக்காட்டு வில்லையில் இதே சோதனையைச் செய்த பிறகு பேசலாம்.

இருள்_மின்னோட்டம் (இரவு 9.05)

98 விழுக்காட்டு வில்லையிலும் மின்னோட்டத்தை உயர்த்தினால் ஷார்ட் ஆகிறது, ஐயா. எந்த அளவில் ஆகிறது என்பதுதான் மாறுகிறது. ஏன் என்பதில்தான் நாம் மூவரும் உடன்படவில்லை.

மாலைவெயில் (புதன், இரவு 10.47)

60 டிகிரியில் தடை 27-லிருந்து 31 ஓம் ஆனது. வில்லையை உடைத்தேன்: வெள்ளை வெட்டுமுகத்தில், தகட்டின் விளிம்புக்கு நேர் கீழே, மேலிருந்து கீழ்வரை முடி போன்ற கருங்கோடு ஒன்று ஓடுகிறது. காற்றுப் பட்ட சிறிது நேரத்தில் வெளுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை வரைபடத்தோடு அந்தப் படத்தையும் சேர்த்துக் காட்டுகிறேன். புது வில்லை உலையில் இருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

நுண்விரிசல் (புதன், இரவு 11.10)

விளிம்புக்கு நேர் கீழே என்பது கவனிக்கத்தக்கது. மின்னோட்டம் அங்கேதான் குவியும். அடுத்த செல்லில் முறுக்கும் அழுத்தத்தை அளந்து எழுதுங்கள்.