உதவி: நண்பனின் திருமண வரவேற்பில் பேச வேண்டும், எழுதியதைத் திருத்தித் தாருங்கள்

முத்தையன்கட்டுப் பொடியன்
அவசரம். வெள்ளிக்கிழமை வரவேற்பு. மாப்பிள்ளை என் நண்பன், என்னைப் பேசச் சொல்லியிருக்கிறான். எல்லோரும் சிரிக்க வேண்டும், ஒருவருக்கும் முகம் கறுக்கக்கூடாது. எழுதியது இதுதான்:

"எல்லோருக்கும் வணக்கம். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் மன்னியுங்கள். இப்போது ஒரு பகிடி சொல்லப் போகிறேன். மாப்பிள்ளை சாதாரண தரக் கணிதத்தை மூன்று தரம் எழுதியவர். மூன்றாம் தரம் போனபோது மேற்பார்வையாளரே 'தம்பி, உமக்கு வழமையான மேசைதான்' என்று சொன்னதாகக் கேள்வி. பிறகு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பழகி, முதல் நாளே அதை வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டு 'பிரேக் எங்கே' என்று தகப்பனிடம் கேட்டார் என்று ஊரே சொல்லிச் சிரித்தது. ஏழு சாதகம் பொருந்தாமல் எட்டாவதாகத்தான் இந்தப் பெண் அகப்பட்டார். நானும் அவரும் முகாமில் தண்ணீர் வரிசையில்தான் பழகினோம். அவர் முன்னுக்கு நின்றால் பின்னுக்கு நிற்பவனுக்கு வெறும் வாளிதான். இன்றும் முன்னுக்குத்தான் நிற்கிறார். மணமக்கள் வாழ்க."

எது சரியில்லை?

கனகராயன் கரை
தம்பி, பெண் எந்த ஊர்? மண்டபத்தில் யார் யார் இருப்பார்கள்? எத்தனை நிமிடம் தந்திருக்கிறார்கள்? சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? இதெல்லாம் தெரியாமல் எதைத் திருத்துவது?

ஒலிவாங்கி ஐயா
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், பழைய இழைகளைப் படிப்பவர் ஒருவரும் இல்லை. கல்யாண வீட்டுக் கிண்ணம் தூக்கிப் பேச்சு நமக்குரியதல்ல. ஒரு திருக்குறள், ஒரு வாழ்த்து, இறங்கிவிடும். அப்படியும் சிரிக்க வைக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் ஒலிபெருக்கிக்காரரைக் கவனியும். தகரக் கூரை மண்டபத்தில் எதிரொலி அடித்தால் எந்தப் பகிடியும் விளங்காது. இங்கே முக்காற்பங்குப் பேச்சுகள் அதனால்தான் படுக்கின்றன. உம்முடைய எழுத்தை நான் வாசிக்கவில்லை, தேவையுமில்லை.

மல்லாவி மாமி
என் தங்கையின் மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவர் எழும்பி, படிக்கிற காலத்தில் மாப்பிள்ளை யாருடைய வீட்டு ஒழுங்கையால் சைக்கிளில் போவார் என்று ஒரு கதை சொன்னார். பொடியன்கள் எல்லோரும் கைதட்டினார்கள். அந்த ஒழுங்கை வீட்டுக்காரரும் பந்தியில்தான் இருந்தார்கள். இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. ஆகவே பேசவே வேண்டாம், மகன். நல்ல சேலையும் வேட்டியும் எடுத்துக் கொடுங்கள்.

நெடுங்கேணி நாடகக்காரி
பள்ளிக்கூடத்தில் நாடகம் பழக்குகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். தம்பியிடம் சரக்கு இருக்கிறது, வைத்த இடம்தான் பிழை.

முதல் மூன்று வரிகளை வெட்டும். மன்னிப்புக் கேட்டு ஏறினால் சபை உம்மைப் பார்த்துப் பயப்படத் தொடங்கும். "பகிடி சொல்லப் போகிறேன்" என்றால் சிரிக்காமல் இருப்பது எப்படி என்று கையைக் கட்டிக்கொண்டு பார்க்கும்.

ஏழு சாதகம் அடியோடு வேண்டாம். அந்த வரியில் சிரிப்புக்கு ஆளாவது பெண். வேறு ஒருவரும் கிடைக்காததால் வந்தவள் என்று அவளுடைய கல்யாண மண்டபத்திலேயே சொல்கிறீர், அவளோ தலை குனிந்து இருக்க வேண்டியவள், பதில் சொல்ல வழியில்லை. "அகப்பட்டார்" என்பது அதைவிட மோசம். அந்த ஏழு வீட்டாரில் ஒருவராவது அழைப்பிதழ் கிடைத்து வந்திருக்க மாட்டார்களா?

கணிதம் ஆபத்தில்லாதது போலத் தெரியும். ஆனால் தரகர் பெண் வீட்டில் என்ன சொன்னார் என்று விசாரித்தீரா?

லாண்ட்மாஸ்டர் கதைதான் பொன். அடி வாங்குவது மாப்பிள்ளை மட்டும், அதுவும் அவர் தாங்கக்கூடிய அடி. ஊருக்கே தெரிந்த கதை, எந்த வீட்டின் இரகசியமும் இல்லை. ஆனால் நீர் அதை ஒரே நீள வாக்கியமாக்கி, சிரிக்க வேண்டிய சொல்லுக்குப் பின்னால் "என்று தகப்பனிடம் கேட்டார் என்று ஊரே சொல்லிச் சிரித்தது" என்று வால் வைத்திருக்கிறீர். "பிரேக் எங்கே" என்றதும் சபை சிரிக்கும். நீர் வாலை இழுத்துக்கொண்டு நின்றால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். யார் கேட்டார், யாரிடம் கேட்டார் என்பதெல்லாம் முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். இப்படிச் சொல்லிப் பாரும்:

"லாண்ட்மாஸ்டர் பழகிய முதல் நாள். வாய்க்காலுக்குள் நின்றது லாண்ட்மாஸ்டர். கட்டின் மேல் நின்றார் மாப்பிள்ளை. ஓடிவந்த தகப்பனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அப்பா, இதற்குப் பிரேக் எங்கே?"

சொல்லிவிட்டு வாயை மூடும். சிரிப்பு ஏறி இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரி. சிரிப்பு வராவிட்டால் விளக்கம் சொல்லாமல் போய்க்கொண்டே இரும், கதையாகவே கேட்டுவிடுவார்கள்.

முகாம் வரியைப் பற்றி, முன்வரிசையில் யார் என்று சொன்ன பிறகு எழுதுகிறேன்.

வயல் வரம்பு
நாடகக்காரி அக்கா சொன்னது சரி, ஆனால் வன்னிச் சபையில் பிரேக் கதை எடுபடாது. அதில் கிளச்சும் பிரேக்கும் ஒரே பிடியில் இருக்கிறது என்று சிறுவனுக்கும் தெரியும். புதிதாகப் பழகுகிறவன் வாய்க்காலுக்குள் போவது வேறு காரணத்தால். சமதரையில் இடது கைப்பிடிக் கிளச்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். கட்டிலிருந்து இறங்கும்போது சில்லுகள் தாமே உருண்டு தள்ளுவதால் அது எதிர்ப்பக்கம் திரும்பும். ஆகவே மாப்பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி "அப்பா, நான் இடப்பக்கம்தானே பிடித்தேன்?" என்பது. மண்டபமே விழுந்து சிரிக்கும்.

கனகராயன் கரை
விழுந்து சிரிப்பது வயல்காரர். கனடாவிலிருந்து வந்தவர்கள் பக்கத்திலிருப்பவரிடம் கேட்பார்கள், அவர் விளக்குவார், அதற்குள் தம்பி மேடையிலிருந்து இறங்கியிருப்பார்.

வயல் வரம்பு
கனடாக்காரருக்காக நாம் பொய்யான லாண்ட்மாஸ்டர் ஓட்டுவதா?

ஒலிவாங்கி ஐயா
இறக்கத்தில் எதிர்ப்பக்கம் திரும்புவது எல்லா வகையிலும் இல்லை. இறங்கும் முன் கியரைக் குறைத்து, கைப்பிடிக் கிளச்சைத் தொடாமல் கைப்பலத்தால் திருப்ப வேண்டும்.

வயல் வரம்பு
ஐயா, எழுத்தை வாசிக்கவில்லை என்றீர்கள், லாண்ட்மாஸ்டருக்கு மட்டும் வந்துவிட்டீர்கள். தொடக்கூடாது என்பதைத்தானே நானும் சொல்கிறேன்?

முத்தையன்கட்டுப் பொடியன்
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். பெண் கிளிநொச்சி. நான்கு நிமிடம், சாப்பாட்டுக்கு முன். மண்டபத்தில் பாதி ஊர், பாதி வெளிநாடு. நேரலையும் போகிறது. தரகரிடம் கேட்டேன், கணிதம் முதல் தரமே சித்தி என்றுதான் சொல்லியிருக்கிறாராம். நல்ல வேளை.

முன்வரிசையில் பெண்ணின் தாய் இருப்பார். அவருடைய மூத்த மகன் 2009 இல் காணாமல் போனவர். காணாமல் போனவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடங்கிய போராட்டத்தில் அவரும் இருக்கிறார். இதை முதலில் எழுதவில்லை, ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன்.

நெடுங்கேணி நாடகக்காரி
தம்பி, அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். வாளிப் பகிடியை எடுத்துவிடும். தண்ணீர் வரிசை உங்கள் இருவருக்கும் சிறுவயதுச் சேட்டை. அந்த அம்மாவுக்கு அது மகனைத் தேடி ஒவ்வொரு வரிசையாக முகம் பார்த்த இடம். சபை சிரிக்கும்போது அவர் சிரிக்கவும் முடியாது, எழும்பிப் போகவும் முடியாது. நேரலை வேறு அவருடைய முகத்தைக் காட்டும்.

செட்டிகுளம் வலயம் நான்கு
இதை ஏற்க மாட்டேன். நானும் அந்த முகாமில்தான் வளர்ந்தேன். அங்கேயும் சிரித்தோம், அந்தச் சிரிப்பில்லாமல் இருந்திருக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் எங்களைப் பாவம் என்று மட்டும் பார்க்கிறார்கள். எங்கள் கதையை எங்கள் மேடையிலும் சொல்லக்கூடாதென்றால் எங்கே சொல்வது?

மல்லாவி மாமி
பிள்ளை, உங்களுக்குள் சொல்லிச் சிரியுங்கள். நாங்களும் சிரித்தோம். ஒலிவாங்கியில் சொல்வது வேறு.

செட்டிகுளம் வலயம் நான்கு
ஏன் வேறு, மாமி? அங்கே இருக்கும் பாதிப்பேர் அந்த வரிசையில் நின்றவர்கள்தானே?

நெடுங்கேணி நாடகக்காரி
சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சிரிப்பாகச் சொல்ல வேண்டாம் என்கிறேன். "நாங்கள் இருவரும் பழகியது செட்டிகுளத்தில், ஒரு தண்ணீர் வரிசையில். அன்று முதல் என் வாளியையும் சேர்த்துத் தூக்கியவர் இவர்." இவ்வளவு போதும், அதுவும் உண்மையாக இருந்தால் மட்டும். தெரிந்தவர்களுக்கு விளங்கும், தெரியாதவர்களுக்கு நட்பின் கதை. இதைக் கடைசியில் வைத்து அப்படியே வாழ்த்துக்குப் போய்விடலாம். லாண்ட்மாஸ்டர் முன்னால் வரட்டும், அதற்கும் முன்னால் உம்மையே நீர் பகிடி பண்ணும் ஒரு வரி. ஆனாலும் அந்த அம்மாவிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடும்.

செட்டிகுளம் வலயம் நான்கு
தாயிடம் கேட்பது சரி. அவர் வாளிப் பகிடியையே சொல் என்றால்?

கனகராயன் கரை
பசியோடு இருக்கும் சபைக்கு நான்கு நிமிடம் நீளம். மூன்றுக்குள் முடியும். வீட்டில் மணிக்கூட்டை வைத்து உரக்க வாசித்துப் பாரும், மனதுக்குள் வாசித்தால் நேரம் ஏமாற்றும். இரண்டு வீட்டையும் தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டினால், எந்த இடத்தில் "யார் அது?" என்று கேட்கிறாரோ அந்த வரி மண்டபத்திலும் படுத்துவிடும்.

ஒலிவாங்கி ஐயா
ஒலிவாங்கியை வாயில் முட்டாமல் நான்கு விரல் தள்ளிப் பிடியும். இதையாவது கேளும்.

முத்தையன்கட்டுப் பொடியன்
எல்லோருக்கும் நன்றி. முடிந்தது. லாண்ட்மாஸ்டர் இடத்தில் நல்ல சிரிப்பு, தகப்பன் எழும்பி "இன்னும் தெரியாது" என்று கத்தினார், அது என் வரியைவிட எடுபட்டது. பிரேக் என்றுதான் சொன்னேன், வயல் வரம்பு அண்ணா மன்னிக்கவும். பந்திக்கு ஆள் போதாது, பிறகு எழுதுகிறேன்.

வயல் வரம்பு
தகப்பனுக்கு நான் சொன்னது விளங்கியிருக்கும்.

செட்டிகுளம் வலயம் நான்கு
தம்பி, முகாம் வரியைச் சொன்னீரா? தாயிடம் கேட்டீரா?

மல்லாவி மாமி
சேலை எடுத்தாயா, மகன்?