பொருள்: ஸ்டாப் லாஸ், ரிஸ்க்-ரிவார்ட் விகிதம் – தமிழில் என்ன?

ஈசூன்: வணக்கம். பங்கு வாங்குமுன் திட்டமிடுவது பற்றி நம் வட்டத்துக்கு ஒரு கையேடு எழுதுகிறேன். விலை ஓர் அளவுக்கு இறங்கினால் விற்றுவிடும்படி முன்கூட்டியே வைக்கும் ஸ்டாப் லாஸ் ஆணைக்கு ‘இழப்புத்தடை’, ரிஸ்க்-ரிவார்ட் விகிதத்துக்கு ‘இடர்-ஈட்ட விகிதம்’ என்று வைத்திருக்கிறேன், பொருந்துமா? லாப இலக்கை முதலில் குறித்து, அதில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் தடையை வைக்கலாம் என்று விளக்கியிருக்கிறேன்.

தோ பாயோ: தம்பி, விகிதம் 1:3 இருக்க வேண்டும் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த விகிதத்தை வரவைப்பதற்காகத் தடையை நகர்த்தக் கூடாது. நம் கணிப்பு எந்த விலையில் பொய்யாகிறதோ அங்கேதான் அது இருக்க வேண்டும்.

ஒரு பங்கை 2.50 வெள்ளிக்கு வாங்கப் போகிறோம். 2.42-இல் இரண்டு முறை தாங்கி எழும்பியிருக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே 2.38-இல் தடை. முன்பு திரும்பிய உச்சமான 2.86 இலக்கு. பங்குக்கு 12 காசு இடர், 36 காசு ஈட்டம். ஆக 1:3.

அப்புறம் எத்தனை பங்கு என்ற கேள்வி. மூலதனம் 20,000 வெள்ளி, ஒரு வாங்கலில் 1 சதவீதம், அதாவது 200 வெள்ளி வரை இழக்கலாம் என்று வைப்போம். வாங்க 25, விற்க 25 என்று தரகு போனால் மீதி 150. அதை 12 காசால் வகுத்தால் 1,250. இங்கே சிங்கப்பூரில் ஒரு லாட் 100 பங்கு என்பதால் 1,200 வாங்கலாம். தோற்றால் தரகோடு 194 வெள்ளி போகும், வென்றால் 382 வரும். படத்தில் 1:3, கையில் 1:2-கூட இல்லை. மூன்றில் ஒன்று வென்றாலும் மூலதனம் மெல்லக் கரையும். கையேட்டில் இதைக் கட்டாயம் சேருங்கள்.

‘தடை’ எனக்குப் பிடிக்கவில்லை. நிறுவனத்தின் நிதி முடிவுகள் ஏமாற்றி, மறுநாள் சந்தை 2.29-இல் திறந்தால், 2.38-இல் வைத்த ஆணை 2.29-ஐ ஒட்டித்தான் விற்கும். 194 எதிர்பார்த்த இடத்தில் 302 போகும். எதுவும் தடுக்கப்படவில்லையே!

தெம்பனிஸ்: எனக்கும் இப்படித்தான் விற்றுவிட்டது அண்ணா. கெட்ட செய்தி எதுவும் இல்லை, ஈவுத்தொகை உரிமை நீங்கிய நாள் அது. தரகரிடம் முறையிடலாமா?

தோ பாயோ: தரகர் மேல் பிழையில்லை தங்கச்சி. அன்று ஈவுத்தொகை அளவுக்கு விலை இறங்கித் திறப்பது வழக்கம். வாங்குமுன் அந்தத் தேதியைப் பார்த்து, தடையை அதற்கேற்ப இறக்கி, பங்கு எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம்.

உட்லண்ட்ஸ்: ‘விலகு விலை’ எப்படி? லாபத்துக்கு ‘இலக்கு விலை’ ஏற்கெனவே புழங்குவதால் குழப்பம் வராது. விகிதத்தில் ‘இடர்’ முன்னால் நிற்பதும் சரி. 1:3-இல் அந்த ஒன்று அதுதானே. ‘லாப-நட்ட விகிதம்’ என்றால் தலைகீழாகப் படிப்பார்கள்.

தோ பாயோ: அந்த விலையிலேயே விலகிவிடலாம் என்று ‘விலகு விலை’யும் சொல்கிறதே ஐயா. ‘விலகல் தூண்டு விலை’ துல்லியம், ஆனால் நீளம்.

ஈசூன்: இடர்-ஈட்ட விகிதம் அப்படியே இருக்கட்டும். மற்றது முடிவாகும் வரை ஸ்டாப் லாஸ் என்றே எழுதுகிறேன். மூன்றில் ஒரு பங்கு பத்தியை எடுத்துவிட்டேன். முதலில் 2.38, பிறகு விகிதம், கடைசியில் பங்கு எண்ணிக்கை என்று மாற்றி நாளை அனுப்புகிறேன்.