நிவாரணம் ஓய்வூதியத்தைவிட அதிகமாக இருந்த அக்டோபர் சீட்டு

மயூர் விஹார், டெல்லி:
மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. 2025 அக்டோபர் மாத ஓய்வூதியச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் தூங்காமல் இருந்தேன். ஓய்வூதியம் 25,200 ரூபாய் என்றும், அகவிலை நிவாரணம் 28,140 என்றும், வருமான வரிப் பிடித்தம் 1,773 என்றும் போட்டு, 51,567 ரூபாய் கணக்கில் வரவாகியிருந்தது. நிவாரணம் 58 சதவீதம் என்றால் 25,200க்கு 14,616தானே வர வேண்டும்? இரட்டிப்பாக அல்லவா கொடுத்திருக்கிறார்கள்! அதிகமாகக் கொடுத்ததைப் பிறகு வட்டியோடு பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில், அந்தப் பணத்தைத் தொடாமலே வைத்திருந்தேன்.

கரோல் பாக், டெல்லி:
ஐயா, நான் பணிக்காலம் முழுவதும் கணக்குப் பிரிவில் இருந்தவன். நீங்கள் ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்தில் 40 சதவீதத்தைக் கம்யூட் செய்து மொத்தமாக வாங்கியிருப்பீர்கள். அப்படியானால் உங்கள் உண்மையான அடிப்படை ஓய்வூதியம் 42,000. அதில் 16,800 கழிந்து மீதம் நிற்பதுதான் 25,200. நிவாரணத்தை மீதத்தின் மேல் கணக்கிடுவதில்லை, கழிப்பதற்கு முந்தைய 42,000இன் மேல்தான் கணக்கிடுகிறார்கள். அதன்படி மாத நிவாரணம் 24,360. மிச்சமுள்ள 3,780 நிலுவைத் தொகை. உயர்வு ஜூலை முதல் அமலுக்கு வந்து அக்டோபரில்தான் அறிவிக்கப்பட்டது. பழைய 55 சதவீதத்துக்கும் புதிய 58 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 1,260, மூன்று மாதங்களுக்கு 3,780. உங்கள் வங்கி இரண்டையும் ஒரே வரியில் கூட்டிவிட்டது. நவம்பர்ச் சீட்டில் 24,360 மட்டும் இருக்கும், அதை 0.58ஆல் வகுத்தால் 42,000 வர வேண்டும். 25,200 வந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும், அதுவும் குறைத்துக் கொடுத்துவிட்டார்களே என்ற கவலை.

செம்பூர், மும்பை:
தனியார் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்த எனக்கு இபிஎஃப் ஓய்வூதியம் வருகிறது. சீட்டில் நிவாரணம் என்ற வரியே இல்லை. நானும் வகுத்துப் பார்க்கலாமா?

கரோல் பாக், டெல்லி:
உங்கள் ஓய்வூதியம் வரும் இபிஎஸ்-95 திட்டத்தில் அகவிலை நிவாரணம் கிடையாது, ஐயா. உங்களுக்கு வகுக்க எதுவும் இல்லை.

ஜெயநகர், பெங்களூரு:
வரி விஷயத்துக்கு வருகிறேன். 15எச் படிவத்தை வங்கியில் கொடுத்துவிட்டால் பிடித்தமே நின்றுவிடும். என் வைப்புத்தொகை வட்டிக்கு அப்படித்தான் நின்றது.

கரோல் பாக், டெல்லி:
வட்டிக்கு நிற்கும், ஓய்வூதியத்துக்கு நிற்காது. சட்டத்தின் பார்வையில் நம் ஓய்வூதியம் சம்பளம். சம்பளத்தில் பிடிக்கும் வரிக்கு 15எச் செல்லாது. மயூர் விஹார் ஐயா, ஏப்ரலில் வங்கி கேட்டபோது பழைய வரி முறை என்று எழுதிக் கொடுத்தீர்களா?

மயூர் விஹார், டெல்லி:
ஆம், பழக்க தோஷம். முதலீட்டுச் சான்று எதையும் கொடுக்கவில்லை. செப்டம்பர் வரை 1,380தான் பிடித்தார்கள்.

கரோல் பாக், டெல்லி:
கணக்கு சரியாகவே வருகிறது. கம்யூடேஷன் போக உங்களுக்கு இந்த நிதியாண்டில் சேரும் ஓய்வூதியம் 5,90,940. பழைய முறையில் நிலைக்கழிவு 50,000 போனால் 5,40,940. அறுபது வயதைத் தாண்டியவருக்கு மூன்று லட்சம் வரை வரியில்லை. மூன்றிலிருந்து ஐந்து லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம், செஸ் சேர்த்து ஏறக்குறைய 18,916. நிவாரண உயர்வினால் கூடிய வரி 2,359ஐ மீதமுள்ள ஆறு மாதங்களில் பரப்பியதால்தான் மாதம் 393 ஏறி 1,773 ஆனது. புதிய முறையில் இருந்திருந்தால் நிலைக்கழிவு 75,000. வரும் சிறிய வரியும் தள்ளுபடியில் போய், பிடித்தமே இருந்திருக்காது.

இன்னொன்று: பலர் 42,000ஐயும் நிவாரணத்தையும் கூட்டி அதை ஆண்டு வருமானமாகக் காட்டிவிடுகிறார்கள். மாதம் கழியும் 16,800 உங்கள் கைக்கு வராத தொகை, அது வருமானத்தில் சேராது.

ஜெயநகர், பெங்களூரு:
அப்படியானால் இப்போதே புதிய முறைக்கு மாற்றிக்கொள்ளலாமே?

மயூர் விஹார், டெல்லி:
இன்று கிளையில் கேட்டேன். நடுவில் மாற்ற முடியாது, ஏப்ரலில் வாருங்கள் என்கிறார்கள். என் மைத்துனருக்கு வேறொரு வங்கியில் டிசம்பரில் மாற்றிக் கொடுத்தார்களாம். எது சரி?

கரோல் பாக், டெல்லி:
வங்கிக்கு வங்கி வேறுபடுகிறது. நான் அடித்துச் சொல்லமாட்டேன். எல்ஐசி போன்ற 80சி முதலீடு 40,940க்கு மேல் இருந்தால் சான்றைக் கொடுத்துப் பாருங்கள், வருமானம் ஐந்து லட்சத்துக்குள் வந்து, வரி முழுதும் தள்ளுபடியாகி, இனிமேல் பிடிப்பது நின்றுவிடும். ஏற்கெனவே போனதை வருமான வரிக் கணக்கில் புதிய முறையைத் தேர்ந்தெடுத்துத் திரும்பப் பெறலாம். வங்கியில் எழுதிக் கொடுத்தது அங்கே உங்களைக் கட்டுப்படுத்தாது.

மயூர் விஹார், டெல்லி:
எல்ஐசி ரசீதுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். முப்பத்திரண்டாயிரம் வரை கிடைத்திருக்கிறது.