புதுப்பிப்பு: ஜெர்மனி வாடகை ஒப்பந்தத்தில் பெயின்ட் விதி

என் பழைய கேள்வி: “காலி செய்யும்போது பெயின்ட் அடித்துத் தராவிட்டால் டெபாசிட்டில் பிடிப்போம் என்கிறது ஒப்பந்தம். அடித்தே ஆகணுமா?”

அதற்கு வந்த பதில்களில் “கையெழுத்துப் போட்டாச்சு, அடித்துத்தான் ஆகணும்” என்றவர் சொன்னது பாதி சரி. பெங்களூரில் இதே பெயின்ட்டுக்காக ஒரு மாத வாடகையைப் பறிகொடுத்ததாக எழுதிய அண்ணனுக்கு அனுதாபம், ஆனால் இங்கே சட்டமே வேறு.

வாடகைதாரர் சங்க வக்கீல் முதலில் கேட்டது, குடிவந்த அன்று எழுதிய ஒப்படைப்புத் தாளை. அதில் “ஹாலில் ஆணி ஓட்டைகள், சுவர் மங்கி மஞ்சளாகியிருக்கிறது” என்று இருக்கிறது. அப்படிப் பழசாகக் கொடுத்த வீட்டுக்கு வீட்டுக்காரர் தகுந்த ஈடும் தரவில்லை என்றால், அச்சடித்த ஒப்பந்தத்தில் உள்ள இந்த விதி செல்லாது. 2015-இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

நான் அடித்த கருநீலச் சுவர் தனி விஷயம். அதற்கு எவ்வளவு பிடிக்கலாம் என்று வீட்டுக்காரரோடு இன்னும் இழுபறிதான்.